முதல் பிறந்த நாள் வரை தேன் வேண்டாம்!

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தை எங்கள் ஊர்ப்பக்கத்துத் தாய்மார்கள் சீக்கிரத்தில் மறக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்ற ஊரில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த மருந்து தயாரானது எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலே இருக்கிற சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியில். டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் 48.6 சதவீதம் கலந்திருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். அந்தக் கம்பெனியின் லைசென்ஸையும் ரத்து செய்துவிட்டார்கள்.

அதே மாதம் 3-ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை ஓர் அறிவுரை அனுப்பியது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது. 5 வயதுக்குக் கீழே பொதுவாகவே அவை வேண்டாம் என்று அதில் இருந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் வீடு வீடாக என்ன நடந்தது தெரியுமா? அலமாரியிலிருந்த சிரப் பாட்டில் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. அந்த இடத்துக்குத் தேன் பாட்டில் வந்து உட்கார்ந்தது.

வந்ததில் தப்பில்லை. ஆனால் எந்த வயசுக் குழந்தைக்கு, எவ்வளவு என்பதைத்தான் யாரும் கேட்கக் காணோம். "தேன்தானே அக்கா, அது என்ன செய்யப் போகுது?" என்கிறார்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குத் தேன் நல்ல துணை. ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூட ஆகாது. இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. தேன் கொடுத்தால் ராத்திரி இருமல் குறையுமா என்பதை டாக்டர்கள் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் படுக்கப் போவதற்கு அரைமணி முன்னால் தேன், சிலருக்கு இருமல் மருந்து, சிலருக்கு ஒன்றுமில்லை. தேன் குடித்த பிள்ளைகள்தான் அதிகம் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். 2012-இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளிடம் இன்னொரு சோதனை. ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் தேனைப் போலவே இருக்கும் பேரீச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். அதிலும் இருமல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தேன் கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது.

அதற்காகத் தேன் சளியை அறுத்து வெளியே தள்ளிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜலதோஷ இருமல் தானாக வந்து தானாகப் போவது. ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். தொண்டையில் ஒரு பூச்சாகப் படிந்து அந்த அரிப்பை அடக்குவதுதான் தேனின் வேலை. குழந்தையும் தூங்கும், அம்மாவும் தூங்குவாள். இப்படி நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் மூன்று நாள் வரைக்கும்தான் பலன் தெரிகிறது, அதற்குமேல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிறார்கள். ஆகவே மாதக் கணக்கில் தினமும் ஊட்டுவதில் அர்த்தமில்லை.

அளவு என்ன? 1 வயது முடிந்து 5 வயது வரைக்கும் அரை டீஸ்பூன். 6 முதல் 11 வயது வரை ஒரு டீஸ்பூன். 12 வயதுக்கு மேலே இரண்டு டீஸ்பூன். இங்கே டீஸ்பூன் என்றால் 5 மில்லி. நம் வீட்டு டப்பாவில் கிடக்கும் ஸ்பூன்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. எங்கள் வீட்டு ஊறுகாய் ஸ்பூனே 8 மில்லி பிடிக்கிறது. ஏதாவது மருந்தோடு வந்த அளவு மூடியைக் கழுவி வைத்திருந்தால் அதில் 2.5 மில்லி கோட்டுக்கு ஊற்றுங்கள். அதுதான் அரை டீஸ்பூன். பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் சின்னக் குழந்தைக்கு அது போதும். அதிகம் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு வயிறு வலிக்கும், பேதியாகும்.

தூங்கப் போவதற்கு அரைமணி முன்னால், ஸ்பூனிலேயே மெதுவாக நக்கவிட்டால் தொண்டையில் நன்றாகப் படியும். கெட்டியாக இருக்கிறதென்று குழந்தை முகம் சுளித்தால் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு ஸ்பூன் கலந்து கொடுக்கலாம். பிறகு வாயைத் துடைத்து, பல் முளைத்த குழந்தையானால் பல்லையும் தேய்த்துவிட்டுப் படுக்க வையுங்கள். தேனும் சர்க்கரைதானே, ராத்திரி முழுக்கப் பல்லில் ஒட்டிக் கிடந்தால் சொத்தைதான் வரும். கற்பூரவல்லிச் சாறோ துளசிச் சாறோ கலந்துதான் தர வேண்டும் என்று மாமியார் பிரியப்பட்டால் ஒரு வயது முடிந்த குழந்தைக்குச் சில சொட்டுக் கலந்துகொள்ளுங்கள். ஆனால் சோதனையில் தேறியது தேன் மட்டும்தான். சர்க்கரை வியாதி உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம்.

இனி ஒரு வயது முடியாத குழந்தையின் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு பெண், கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஐந்து மாதக் கைக்குழந்தை. பிரசவ லீவு முடியப் போகிறது என்று ஊரிலிருந்து அவளுடைய ஆயாவை வரவழைத்திருந்தாள். குழந்தைக்கு லேசாக இருமல். ஆயா கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து, தேன் வாங்கிவர ஆளனுப்பினார். அந்தப் பெண் ஓடிவந்து, "அக்கா, ஆயா தேன் குடுக்கறாங்களாம். குடுக்கலாமா?" என்றாள். "வேண்டாம்மா, வயசு முடியட்டும்" என்றேன். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, உங்க எல்லாருக்கும் பொறந்தன்னிக்கே தேன்ல சேனை வெச்சவதான் நானு. ஒங்களுக்கு என்னா ஆயிடிச்சி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் தேன் வாய்க்குப் போய்விடும். ஆகவே அவர் பக்கத்திலே உட்கார்ந்து, ஜப்பான் தேசத்திலே நடந்ததைச் சொன்னேன்.

ஜப்பான் எங்கே, நாம் எங்கே என்று நினைக்காதீர்கள். ஒரகடத்தில் நிஸ்ஸான், கோமாட்ஸு என்று ஜப்பான் கம்பெனிகள் வந்தபின், அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் அப்படி ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். அந்த வீட்டுக் கைக்குழந்தை இருமியபோது, பரிவோடு ஒரு விரல் தேன் தடவப் போயிருக்கிறார். வீட்டுக்காரப் பெண் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தேன் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாளாம். அதில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தரக்கூடாது என்று அவர்கள் மொழியில் அச்சடித்திருந்தது. அந்த அம்மாள் வந்து என்னிடம் சொல்லப் போய்த்தான், ஏன் இந்த எச்சரிக்கை என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

அந்தத் தேசத்தில் 1986-இல் முதல்முதலாக ஒரு குழந்தைக்கு இந்த நோய் கண்டது. அடுத்த வருஷமே அவர்களுடைய சுகாதார அமைச்சகம் ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது என்று நாடு முழுக்கச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும், முப்பது வருஷம் கழித்து 2017-இல் டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் ஓர் ஆறு மாத ஆண் குழந்தை இறந்தது. இந்த நோயால் ஜப்பானில் ஒரு கைக்குழந்தை இறந்ததாகப் பதிவானது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. ஜனவரி மாதம் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு உணவும் பழக்க ஆரம்பித்தார்கள். உடம்புக்கு நல்லது என்று நினைத்து, கடையில் வாங்கிய பழச்சாற்றில் தேன் கலந்து கொடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூனுக்குள். ஒரு மாதம் இப்படி நடந்தது. பிப்ரவரி 16-ஆம் தேதி குழந்தைக்கு இருமலும் மூக்கொழுகலும் வந்தது. 20-ஆம் தேதி வலிப்பு கண்டு, மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பரிசோதனையில் குழந்தையின் மலத்தில் பொட்டுலினம் என்ற கிருமி இருந்தது. வீட்டிலே மிச்சமிருந்த தேனிலும் அதே கிருமி இருந்தது. மார்ச் 30-ஆம் தேதி குழந்தை போய்விட்டது. தேன் கெட்டுப்போகவில்லை, கலப்படமும் இல்லை. நாமும் கடையில் வாங்கி வைத்திருப்போமே, அதைப் போன்ற தேன்தான்.

இதைக் கேட்டு ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தேன்ல கிருமி எப்படிம்மா வரும்? தேன்தான் கெடாதே?" என்றார். இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

தேன் கெடாது என்பது வாஸ்தவம். தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், கொஞ்சம் புளிப்பும் உண்டு. எந்தக் கிருமியும் அதில் வளர முடியாது. ஆனால் இந்தப் பொட்டுலினம் என்ற கிருமிக்கு ஒரு குணம். காலம் சரியில்லாதபோது அது வித்தாக மாறிக் கெட்டியான தோலுக்குள் தூங்கும். நெல் விதை குதிரில் கிடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலும் தூசியிலும் இந்த வித்துகள் எங்கும் உண்டு. தேனீ பூவுக்குப் பூ அலைகையில் கூட்டுக்கு வந்துவிடும். தேனில் அது முளைக்காது, சாகவும் செய்யாது.

நீங்களும் நானும் அந்தத் தேனைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. நம் குடலிலே எத்தனையோ நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. வந்த வித்து முளைக்க அவை இடம் தருவதில்லை. வந்த வழியே வெளியே போய்விடும். பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் குடல் புதிதாக உழுத நிலம் மாதிரி. பயிர் இன்னும் ஊன்றவில்லை. அங்கே விழுந்த வித்து முளைக்கிறது, பெருகுகிறது, விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷம் ரத்தத்தில் கலந்து, நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. மூளை 'சப்பு' என்கிறது, உதடு கேட்பதில்லை. குழந்தை வளர வளரக் குடலில் நல்ல கிருமிகள் நிறைந்துவிடும். இந்த நோய் வருகிற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் உள்ளவர்கள். இருந்தாலும் எல்லா நாட்டு டாக்டர்களும் பன்னிரண்டு மாதம் முழுசாக முடியட்டும் என்று ஒரு பாதுகாப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

கொதிக்க வைத்தால் போகாதா என்று உடனே தோன்றும். போகாது. தண்ணீர் கொதிக்கிற 100 டிகிரி சூடு இந்த வித்துக்குப் பெரிதல்ல. மருந்து, டின் உணவுத் தொழிற்சாலைகளில் அழுத்தத்தோடு 121 டிகிரி வரை ஏற்றித்தான் இதைக் கொல்கிறார்கள். அடுப்பில் தேனைச் சூடுபண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை.

"கடைத் தேன்தான் கலப்படம், நான் மலைத்தேனில்ல வெச்சிருக்கேன்" என்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பல பெயர்போன தேன்களில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னதிலிருந்து இந்தப் பேச்சு அதிகம். கலப்படம் வேறு சங்கதி, இது வேறு சங்கதி. கொம்புத் தேனோ, மலைத்தேனோ, நம் கண்ணெதிரே அடையிலிருந்து பிழிந்த தேனோ, வித்து இருந்தால் இருக்கும். நிறம், வாசனை, ருசி எதிலும் தெரியாது. சுத்தமான தேன் என்பதால் கைக்குழந்தைக்கு ஆபத்து குறையாது.

ஆயாவின் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். எல்லாத் தேனிலும் இந்த வித்து இருப்பதில்லை. இருந்தாலும் தொட்ட குழந்தைக்கெல்லாம் நோய் வருவதில்லை. இது அபூர்வமான நோய்தான். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகச் சேனை வைத்தும் பெரும்பாலோர் பிழைத்து வளர்ந்திருக்கிறோம். இந்த நோய் குழந்தைகளுக்கு உண்டென்று வைத்தியர்கள் கண்டுபிடித்ததே 1976-இல், கலிபோர்னியாவில். தேனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அதற்கப்புறம் சில வருஷங்களில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு குழந்தை பால் குடிக்காமல் துவண்டு இறந்தால் 'தோஷம்', 'சீர்' என்று ஏதோ ஒரு பெயர்தான் வைத்திருப்பார்கள். நோய் வந்த குழந்தைகள் எல்லாமே தேன் சாப்பிட்டவையும் அல்ல. மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும்கூட வரும். தூசியை நாம் முழுக்கத் தடுக்க முடியாது. தேனைத் தடுக்கலாம்.

இந்த நோய் எப்படி ஆரம்பிக்கும் என்பது தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். தேன் உள்ளே போய் மூன்று நாளிலும் தெரியலாம், ஒரு மாதம் கழித்தும் தெரியலாம். முதலில் மலச்சிக்கல். இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் பால் சப்புகிற வேகம் குறையும். மார்பு கட்டிக்கொண்டு வலிப்பதை வைத்துத் தாய்தான் இதை முதலில் உணர்வாள். அழுகைச் சத்தம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெலியும். இமை பாதி மூடியே இருக்கும், முகத்தில் சிரிப்பு வராது. எச்சில் விழுங்க முடியாமல் வழியும். நின்றிருந்த கழுத்து மறுபடி தொங்கும். பிறகு கை, கால், கடைசியில் மூச்சு. மேலிருந்து கீழே இறங்குகிற தளர்ச்சி இது. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. அதனாலேயே 'ஒண்ணுமில்லை, சோர்வு' என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படி எதுவும் தெரிந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வென்டிலேட்டர் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் "குழந்தைக்குத் தேன் கொடுத்தோம்" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துவிடக் கூடாது. கைக்குழந்தைகளுக்குச் சாதாரணமாகப் போடும் ஜென்டாமைசின் போன்ற சில ஊசிகள் இந்தத் தளர்ச்சியை அதிகமாக்கும். தேன் விஷயம் தெரிந்தால் டாக்டர் மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இதற்கென்று விஷமுறிவு மருந்து ஒன்று அமெரிக்காவில் 2003 முதல் அனுமதியோடு இருக்கிறது. ஆனால் நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது. மூச்சுக்குத் துணை கொடுத்து, குழாய் வழியே பால் கொடுத்து வாரக் கணக்கில் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன.

இருமலுக்குத் தேன் என்று கொடுக்காவிட்டாலும், வேறு வழியில் அது கைக்குழந்தையின் வாய்க்குப் போய்விடுகிறது. பிறந்தவுடன் நாக்கில் தொட்டு வைக்கிற சேனை முதலாவது. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் உரசித் தேனில் குழைத்துக் கொடுக்கும் உரை மருந்து. நாக்கில் மாவு மாதிரி படிந்தால் தேன் தொட்டுத் தேய்ப்பது. பேச்சு தெளிவாக வரட்டும் என்று நாக்கில் தடவுவது. ரப்பர் நிப்பிளைத் தேனில் முக்கி அழுகையை அடக்குவது. கம்பெனி வேலைக்காக ஒரிசா, பீகாரிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியிருக்கும் பெண்களும் 'குட்டி' என்று ஒரு கலவையைத் தேனில் குழைத்துத் தருவதைப் பார்த்திருக்கிறேன். நிப்பிள் விஷயத்தில் 2018-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்திலே நான்கு குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தது. நால்வரும் சப்பியது மெக்ஸிகோவிலிருந்து வந்த தேன் அடைத்த சூப்பான். நாட்டு வைத்தியர் பொடியைக் கொடுத்துத் தேனில் கொடுங்கள் என்றால், குழந்தையின் வயசைச் சொல்லித் தேன் இல்லாமல் முடியுமா என்று கேளுங்கள். சேனை வைக்காவிட்டால் தாய்மாமனுக்குக் குறை என்பவர்களுக்கு, அந்தச் சடங்கைப் பன்னிரண்டு மாதம் தள்ளி முதல் பிறந்த நாளன்று வைத்துக்கொள்ளச் சொல்லலாம். எங்கள் உறவில் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். மாமன் மோதிரமும் தப்பவில்லை.

சரி, ஒரு வயதுக்குள் இருமல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அந்தத் தெருக்கோடிக் குழந்தைக்கு டாக்டர் சொன்னது இதுதான். தாய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் விற்கும் சாதாரண உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் ஒரு சொட்டு. பிறகு சுத்தமான துணியால் துடைத்துவிடுவது. தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை கிட்டே வரக்கூடாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். ஆயா முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லாம் செய்தார். வாரம் முடிவதற்குள் இருமல் நின்றுவிட்டது. தேன் பாட்டிலை அந்தப் பெண் பரணில் ஏற்றி, மூடியில் குழந்தையின் பிறந்த தேதியை எழுதி ஒட்டிவிட்டாள். அது வந்தபிறகுதான் இறக்க வேண்டுமாம்!

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது நல்ல வழி. முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன் பஸ் ஏறிவிடுகிறார்கள். குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவரிடம், அது மாமியாரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும், தேன் பற்றித் தனியாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "மருந்து எதுவும் குடுக்காதீங்க அத்தை" என்றால் போதாது. தேனை யாரும் மருந்தென்று எண்ணுவதில்லை. "தேனும் வேண்டாம் அத்தை" என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

தேனாலும் தாய்ப்பாலாலும் தீராத இருமலும் உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாகக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் வந்தால் அது வெறும் ஜலதோஷம் அல்ல, நிமோனியாவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த இருமலானாலும் டாக்டர் பார்க்கட்டும். பெரிய பிள்ளைக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் தேன் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.